கார்பன் எங்கே போனது?

மோட்டார் சைக்கிள் கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு சர்க்ளிப் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் வாய் திறந்த மெல்லிய எஃகு வளையம். பல்சக்கரம் அச்சை விட்டு நழுவிவிடாமல் காப்பது அதன் வேலை. இரு முனைகளிலும் உள்ள துளைகளில் பிளேயரின் மூக்கைக் கொடுத்து, வளையத்தை விரித்து அச்சில் ஏற்றி, பள்ளத்துக்கு நேரே கொண்டுபோய் விட்டால் டக்கென்று சுருங்கி உட்கார்ந்துகொள்ளும். விரிக்கும் அந்த ஒரு நொடியில்தான் அதன் தரம் தெரியும். கடினம் போதாவிட்டால் விரிந்தபடியே நின்றுவிடும். அடி தாங்கும் தன்மை போதாவிட்டால் கையிலேயே இரண்டாக முறியும்.

உலோகவியல் படித்துவிட்டு, வெப்பப் பதப்படுத்தும் பட்டறை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நாங்கள் பதப்படுத்திக் கொடுத்த சர்க்ளிப்புகளில் ஒரு டப்பா திரும்பி வந்தது. பொருத்தும்போதே முறிகின்றனவாம். எடுத்து ராக்வெல் எந்திரத்தில் வைத்துக் கடினத்தைப் பார்த்தேன். வாடிக்கையாளர் கேட்டது 50 முதல் 53 வரை. முள் 57-இல் நின்றது. உலைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கேட்டதுக்கு மேலேயே இருக்கே தம்பி, அப்புறம் எப்படி ஒடையும்?" என்றார். இருபது வருடம் உலையோடு வாழ்ந்த மனிதர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கடினமானது என்றால் உறுதியானது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அந்த எண்ணம் எங்கே தவறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, எஃகுக்குள் கார்பன் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

எஃகு என்பது இரும்பும் சிறிது கார்பனும். எங்கள் சர்க்ளிப்புக்கு வந்தது 1095 என்ற வகைப் பட்டை. அதில் கார்பன் ஏறத்தாழ 0.95 சதவீதம். இதை 800 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக்கினால் இரும்பு அணுக்கள் ஆஸ்டினைட் என்ற அடுக்குக்கு மாறுகின்றன. அந்த அடுக்கில் கார்பன் தங்குவதற்கு இடம் தாராளம். குளிரும்போது இரும்பு ஃபெரைட் என்ற வேறு அடுக்குக்கு மாற விரும்புகிறது. ஃபெரைட்டில் கார்பனுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிடலாம், அதிகபட்சம் 0.02 சதவீதம்தான் கொள்ளும். ஆக, குளிரும் எஃகு ஒவ்வொன்றும் ஒரே சிக்கலைச் சந்திக்கிறது: இத்தனை கார்பனையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? பெர்லைட், பெய்னைட், மார்ட்டென்சைட் என்று நாம் பெயரிட்டிருப்பவை அந்தச் சிக்கலுக்கு எஃகு கண்ட மூன்று தீர்வுகள்.

மெதுவாகக் குளிர்ந்தால் அவகாசம் உண்டு. 700 டிகிரிக்குச் சற்றுக் கீழே கார்பன் அணுக்கள் நன்றாக நடமாடும். அவை பக்கவாட்டில் விலகிப் போய் ஓரிடத்தில் சேர்ந்து, சிமென்டைட் என்ற கடினமான இரும்புக் கார்பைடாகின்றன. கார்பனை இழந்த பகுதி மென்மையான ஃபெரைட் ஆகிறது. சிமென்டைட் தகடு, ஃபெரைட் தகடு, மறுபடி சிமென்டைட் தகடு என்று இரண்டும் தோளோடு தோள் சேர்ந்தே வளரும். இந்த வரிவரியான அமைப்புத்தான் பெர்லைட். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி என்பவர் 1860களில் எஃகைத் தேய்த்து, அமிலம் காட்டி, நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்கினார். இந்தப் பகுதி சிப்பியின் உட்புறம்போல மினுங்குவதைக் கண்டார். முத்து என்ற பொருள் தரும் பெயர் அதிலிருந்து வந்தது. உயர்ந்த வெப்பத்தில் உருவாகும் பெர்லைட்டின் வரிகள் அகலமாக இருக்கும். 550 டிகிரி பக்கத்தில் உருவானால் வரிகளுக்கு இடையே ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். வரி நெருங்க நெருங்கக் கடினம் ஏறும். ஆனால் ராக்வெல்லில் 40-ஐ ஒட்டி நின்றுவிடும்.

தண்டவாளம் பெரும்பாலும் பெர்லைட்தான். தேய்மானத்தை அது நன்றாகத் தாங்கும், ஏனென்றால் சக்கரத்துக்குக் கீழே கடினத் தகடுகள் படுத்திருக்கின்றன. அடி தாங்குவதில் அதே தகடுகள்தான் பலவீனம். சிமென்டைட் வளையாது, வெடிக்கும். ஒரு தகடு வெடித்தால் பக்கத்து ஃபெரைட் அதைத் தாங்க வேண்டும். ஆனால் ஒரு பெரிய பகுதி முழுவதும் ஃபெரைட் தகடுகளின் அணுவரிசை ஒரே திசையில் இருப்பதால், விரிசல் கிடைத்த திசையிலேயே நெடுந்தூரம் தடையின்றி ஓடிவிடுகிறது.

இனி மறுகோடி. சிவந்த எஃகைத் தண்ணீரில் அமிழ்த்துகிறோம். கொல்லுப்பட்டறையில் அரிவாளின் வாய்ப்பகுதிக்குத் தோய்ச்சல் கொடுப்பது இதுதான். கார்பன் நகர்வதற்குள் வெப்பம் 200 டிகிரிக்குப் பக்கத்தில் விழுந்துவிடுகிறது. அங்கே இரும்பு அணுக்கள் இனிக் காத்திருப்பதில்லை. சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் சரித்ததுபோல வரிசை வரிசையாகச் சரிந்து, ஏறத்தாழ ஒலியின் வேகத்தில் புதிய அடுக்குக்கு மாறிவிடுகின்றன. இடமில்லாத அடுக்கில் கார்பன் அகப்பட்டுக்கொண்டு, அடுக்கையே ஒரு பக்கம் நீட்டிவிடுகிறது. இது மார்ட்டென்சைட், ஜெர்மானிய ஆய்வாளர் அடோல்ஃப் மார்ட்டென்ஸின் பெயர். கடினம் 65 வரை போகும். கண்ணாடிபோல உடையும். அதனால் மறுபடி மிதமாகச் சூடாக்கி, அகப்பட்ட கார்பனில் ஒரு பகுதியை நுண்ணிய கார்பைடாக வெளிவிடச் செய்கிறோம். டெம்பரிங் என்பது அந்த வேலை. கடினம் குறையும், அடி தாங்கும் தன்மை கூடும். சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை எஃகைக் கடினமாக்க இதைத் தவிர வேறு வழி இருப்பதாக யாரும் நினைக்கவில்லை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கியர்னி என்ற ஊரில் யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. எட்கர் பெய்னும் எட்மண்ட் டேவன்போர்ட்டும் அங்கே எளிமையான ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். எஃகைக் குளிர்வித்துக்கொண்டே போகாமல், ஏதேனும் ஒரு இடைப்பட்ட வெப்பத்தில் அப்படியே நிறுத்திவைத்தால் என்ன ஆகும்? மெல்லிய சிறு துண்டுகளைச் சிவக்கச் சூடாக்கி, குறிப்பிட்ட வெப்பத்தில் வைத்திருந்த உருகிய உலோகத் தொட்டியில் போட்டார்கள். ஒரு துண்டைச் சில நொடியிலும், அடுத்ததைச் சில நிமிடத்திலும், இன்னொன்றைப் பல மணி நேரம் கழித்தும் எடுத்து உப்புநீரில் குளிர்வித்தார்கள். எத்தனை பங்கு மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 1930இல் முடிவுகளை வெளியிட்டபோது, பெர்லைட்டுக்கும் மார்ட்டென்சைட்டுக்கும் இடைப்பட்ட வெப்பங்களில் உருவான ஒன்று தனியாக நின்றது. அதற்கு வரிகள் இல்லை. ஊசிபோன்ற வடிவம், ஆனால் மார்ட்டென்சைட்டைப்போல வெளிறி இல்லாமல் அமிலத்தில் விரைவில் கறுத்தது. நான்கு வருடம் கழித்து, 1934இல், உடன் பணியாற்றியவர்கள் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிய படம் ஒன்றை பெய்னிடமே கொடுத்து, அதற்குப் பெய்னைட் என்று பெயர் வைத்தார்கள்.

ஊசியாகத் தெரிவது ஒற்றை ஊசி அல்ல, மெல்லிய தகடுகளின் கற்றை. ஒவ்வொரு தகடும் சுமார் பத்து மைக்ரான் நீளம், அதில் ஐம்பதில் ஒரு பங்கு கனம். தகடு எப்படி வளர்கிறது என்பதில் அறிஞர்களிடையே பல பத்தாண்டுச் சண்டை உண்டு. எனக்கு ஏற்புடையதாகத் தோன்றும் விளக்கம் இது: இரும்பு அணுக்கள் மார்ட்டென்சைட்டில்போலச் சரிந்தே மாறுகின்றன, ஆனால் வெப்பம் இன்னும் மிச்சமிருப்பதால், அகப்பட்ட கார்பன் அடுத்த நொடிகளில் தப்பிவிடுகிறது. எங்கே தப்புகிறது என்பதில்தான் பெய்னைட்டின் தலையெழுத்து இருக்கிறது. 400 டிகிரிக்கு மேலே என்றால் தகட்டை விட்டே வெளியேறி, இரண்டு தகடுகளுக்கு இடையே முரட்டுக் கார்பைடு பட்டைகளாகப் படிகிறது. இதை மேல் பெய்னைட் என்கிறோம். 300 டிகிரி பக்கத்தில் என்றால் அவ்வளவு தூரம் ஓட முடியாமல், தகட்டுக்குள்ளேயே மிக நுண்ணிய கார்பைடுத் துணுக்குகளாக நின்றுவிடுகிறது. இது கீழ் பெய்னைட். விரிசல் எப்போதும் தடித்த கார்பைடில்தான் பிறக்கும் என்பதால், மேல் பெய்னைட் அடிக்கு அஞ்சும். கீழ் பெய்னைட் அதைவிடக் கடினமாக இருந்தும் அடியைத் தாங்கும். கடினமும் அடி தாங்கும் தன்மையும் சேர்ந்தே ஏறும் இந்த இடம் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இதைப் பட்டறையில் செய்வதற்கு ஆஸ்டெம்பரிங் என்று பெயர். சூடான பட்டையை, 315 டிகிரியில் உருகியிருக்கும் நைட்ரேட் உப்புத் தொட்டியில் அமிழ்த்தி, அங்கேயே அரைமணி போல வைத்திருந்து, பிறகு எடுத்துக் கழுவினால் போதும். தனியாக டெம்பரிங் தேவையில்லை.

பலன் எவ்வளவு? இதே 1095 எஃகை மூன்று விதமாகப் பதப்படுத்தி, மூன்றையும் ராக்வெல் 52, 53 என்ற ஒரே கடினத்துக்குக் கொண்டுவந்து அடித்துப் பார்த்த அட்டவணை ஒன்று எங்கள் துறைக் கையேட்டில் உண்டு. தண்ணீரில் அமிழ்த்தி டெம்பர் செய்த துண்டு 16 முதல் 19 ஜூல் ஆற்றலில் முறிந்தது. இழுத்தபோது சிறிதும் நீளவில்லை. ஆஸ்டெம்பர் செய்த கீழ் பெய்னைட் 54 முதல் 61 ஜூல் வரை தாங்கியது. இழுத்தபோது 8 முதல் 11 சதவீதம் நீண்டது. ராக்வெல் முள்ளுக்கு இவை இரண்டும் ஒன்றே.

மூன்றாவது துண்டுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அதுவும் மார்ட்டென்சைட்தான். ஆனால் நேரே தண்ணீரில் போடாமல், மார்ட்டென்சைட் தொடங்கும் வெப்பத்துக்குப் பக்கத்தில் சிறிது நிறுத்தி, உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வந்தபின் மெல்லக் குளிரவிட்டது. அது 33 முதல் 38 ஜூல் வரை தாங்கியது. அதே அமைப்பு, அதே கடினம், ஆனால் இரட்டிப்புத் தாங்கல். அப்படியென்றால் தண்ணீர் செய்த கெடுதல் அமைப்பில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது. மார்ட்டென்சைட்டாக மாறும்போது எஃகின் கனஅளவு ஏறத்தாழ 4 சதவீதம் பெருகுகிறது. தண்ணீரில் வெளிப்புறம் முதலில் மாறி இறுகிவிட, உட்புறம் பின்னால் மாறிப் பெருத்து அதைத் தள்ளுகிறது. கார்பன் மிகுந்த எஃகில் வேகமாகப் பாயும் தகடுகள் ஒன்றையொன்று மோதிக்கொள்வதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உள்ளே விழுந்துவிடுகின்றன. டெம்பரிங் கார்பனைச் சரிசெய்யும், வெடிப்பை ஒட்டாது.

மெல்லக் குளிர்ந்ததும் பெய்னைட்டை எட்டவில்லையே, மீதி வித்தியாசம் எதனால்? டெம்பரிங் செய்யும் சூட்டால். இந்த எஃகை 65-இலிருந்து 52-க்கு இறக்க 300 டிகிரிக்கு மேலே கொண்டுபோக வேண்டும். 260 முதல் 370 டிகிரி வரை உள்ள அந்த வட்டாரத்தில்தான் மார்ட்டென்சைட் தகடுகளின் ஓரங்களில் கார்பைடு மெல்லிய படலமாகப் படிகிறது. வேண்டிய கடினத்தைக் கொடுக்கும் சூடே எஃகை நொறுங்கச் செய்யும் சூடாகவும் அமைந்துவிடுவது இந்த வகை எஃகின் கெட்ட நேரம். கீழ் பெய்னைட் இரண்டு விபத்தையும் தவிர்த்துவிடுகிறது. அது நிதானமாக, ஒரே வெப்பத்தில், உள்ளும் புறமும் சேர்ந்து உருவாவதால் வெடிப்பு விழுவதில்லை. மறுபடி சூடாக்க வேண்டியதில்லை என்பதால் படலமும் இல்லை.

எங்கள் சர்க்ளிப்புக்கு வருகிறேன். முறிந்த ஒன்றைப் பிளாஸ்டிக் அச்சில் பதித்து, உப்புத்தாளில் தேய்த்து, கண்ணாடிபோல மெருகேற்றினேன். ஆல்கஹாலில் சிறிது நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டாலைப் பஞ்சில் தொட்டு முகத்தில் தடவினேன். சில நொடிகளில் மெருகு மங்கிச் சாம்பல் நிறமானது. கழுவி, உலர்த்தி, நுண்ணோக்கியில் வைத்தேன். முழுக்கப் பெய்னைட்டாக இருந்தால் கண்ணுக்குத் தெரிவது நெருக்கமாகக் கிடக்கும் கறுத்த ஊசிகள் மட்டும்தான். இதில் ஊசிகளுக்கு இடையே வெளிறிய தீவுகள் கிடந்தன. அமிலம் கடிக்காத தீவுகள்.

உலைக்காரரை அழைத்துக் காட்டினேன். கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமலே, "இந்த வெள்ளை என்ன தம்பி?" என்றார். டெம்பர் ஆகாத மார்ட்டென்சைட் அண்ணே என்றேன். உப்புத் தொட்டியில் பெய்னைட்டாக மாற நேரம் கிடைக்காமல் ஆஸ்டினைட்டாகவே நின்ற பகுதி, கூடையைத் தூக்கிக் கழுவியபோது மார்ட்டென்சைட்டாகிவிட்டது. அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அன்று லோடு அதிகம், ஐந்தாறு நிமிடத்திலேயே கூடையைத் தூக்கச் சொன்னார்கள் என்றார். உப்பின் சூடு சரி, உலையின் சூடு சரி, கடினமும் கேட்டதற்கு மேல். கேட்டதற்கு மேல் இருந்ததுதான் அபாயத்தின் அடையாளம். 315 டிகிரியில் முழுமையாக மாறிய இந்த எஃகு 57 காட்டாது. எண் உயர்ந்தால், மாறாமல் மிச்சம் இருந்திருக்கிறது என்று பொருள். அந்த லாட்டை ஒதுக்கினோம். அதன்பின் ஒவ்வொரு கூடையிலிருந்தும் நாலைந்து வளையங்களை எடுத்து, பள்ளத்துக்கு வேண்டியதைவிட அதிகமாக விரித்துப் பார்த்தபிறகே அனுப்பினோம்.

எண் குறைந்தாலும் கவலை உண்டு. 540 டிகிரியை ஒட்டிய பகுதியில் பெர்லைட் மிக விரைவாக உருவாகும். சாதாரண கார்பன் எஃகு அந்த இடத்தை ஒரு நொடிக்குள் தாண்டிவிட வேண்டும். உருகிய உப்பு தண்ணீரைப்போல அவ்வளவு வேகமாகச் சூட்டை உறிஞ்சாது. அதனால் 1095-இல் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் கனம் வரைதான் இந்த வித்தை பலிக்கும். அதற்கு மேல் போனால் ஓரம் பெய்னைட்டாகவும் நடுப்பகுதி பெர்லைட்டாகவும் ஆகிவிடும். வெளியே 52 காட்டும் துண்டை வெட்டி நடுவில் அளந்தால் 40 காட்டும். சர்க்ளிப், ஸ்பிரிங் வாஷர், புல் வெட்டும் எந்திரத்தின் கத்தி என்று ஆஸ்டெம்பரிங் மெல்லிய பொருள்களைச் சுற்றியே வருவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். பெய்னைட் எப்போதும் மார்ட்டென்சைட்டை வெல்லும் என்று படிக்க வேண்டாம். 0.4 சதவீதக் கார்பனும் நிக்கல், குரோமியமும் உள்ள அச்சு எஃகில் மார்ட்டென்சைட்டை 600 டிகிரியில் டெம்பர் செய்தால் கார்பைடு உருண்டைகளாகி, அருமையான தாங்கும் தன்மை வந்துவிடும். அங்கே பெய்னைட் கலந்தால் பெரும்பாலும் இழப்புத்தான். கீழ் பெய்னைட்டின் வெற்றி, கார்பன் மிகுந்த எஃகில், 50-ஐ ஒட்டிய கடினத்தில்.

ஆனால் கனத்தின் எல்லையைத் தாண்ட ஒரு வழி பிறந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஹாரி பதேஷியாவும் அவருடன் பணியாற்றியவர்களும், கார்பன் மிகுந்த எஃகில் ஒன்றரை சதவீதம் போல சிலிக்கானைச் சேர்த்தார்கள். சிமென்டைட்டுக்குள் சிலிக்கானுக்கு இடம் இல்லை. அதனால் சிமென்டைட் உருவாவதே தடைபடுகிறது. தப்பிய கார்பன் படிவதற்கு வழியில்லாமல், தகடுகளுக்கு இடையே எஞ்சியுள்ள ஆஸ்டினைட்டில் போய்ச் சேர்கிறது. கார்பன் சேரச் சேர அந்த ஆஸ்டினைட் உறுதிப்பட்டு, அறை வெப்பத்திலும் மெல்லிய படலமாக நிலைத்துவிடுகிறது. விரிசல் பிறக்கக் கார்பைடு இல்லை. பிறந்தாலும் மென்மையான ஆஸ்டினைட்டில் அதன் முனை மழுங்குகிறது. படலமாக இல்லாமல் கட்டியாகத் தேங்கும் ஆஸ்டினைட் மட்டும் ஆபத்து, அழுத்தம் வந்தால் அது நொறுங்கும் மார்ட்டென்சைட்டாகிவிடும்.

இந்த எஃகை வீட்டில் கேக் சுடும் சூட்டில், 200 டிகிரியில், பத்து நாள் வைத்தார்கள். தகடுகள் 20 முதல் 40 நானோமீட்டர் கனத்துக்கு மெலிந்தன. எங்கள் சர்க்ளிப்பில் இருந்ததைவிட அவை பல மடங்கு மெல்லியவை. சேர்த்திருந்த மற்ற உலோகங்கள் பெர்லைட்டைத் தாமதப்படுத்தியதால் அவசரமாகக் குளிர்விக்க வேண்டிய தேவை போய்விட்டது. மாற்றம் பத்து நாள் எடுப்பதால், கனத்த கட்டியிலும் நடுப்பகுதி ஓரத்தின் சூட்டை எட்டிப் பிடிக்க நேரம் தாராளமாக இருக்கிறது. எங்கே வெட்டிப் பார்த்தாலும் அதே தகடுகள், அதே படலம்.